பத்திரத்தில் ‘ஏக்கர் 1.7’: படத்தில் உள்ளதை அழிக்காமல் சென்டுக்கு மாற்றுவது எப்படி?

செட்டிநாட்டுப் பக்கம் ஒரு குடும்பத்தின் நிலக்கணக்கை எடுக்க உட்கார்ந்தால், பெரும்பாலும் கையில் பத்திரம் இருக்காது. பத்திரத்தின் படம்தான் இருக்கும். மூலப்பத்திரம் ஊரில் பெரிய வீட்டு இரும்புப் பெட்டியில் கிடக்கும். பெட்டிச் சாவி ஒரு பங்காளியிடம், அந்த வீட்டுச் சாவி இன்னொரு பங்காளியிடம். திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ எல்லோரும் கூடும்போது யாராவது ஒருவர் செல்போனில் படம் எடுத்து, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிவிடுவார். பிறகு அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ‘மொத்தம் எவ்வளவு நிலம்?’ என்று கேட்பார்கள்.

சொந்தக்காரர்களுக்காக இந்த வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு நான் முதலில் சொல்வது என் சொந்தத் தவறைத்தான். ஒரு வீட்டுக்குக் கணக்கெடுத்தபோது, ‘ஏக்கர் 2.5’ என்று இருந்ததை இரண்டரை ஏக்கர் என்று எடுத்துக்கொண்டு, நோட்டில் ‘250 சென்ட்’ என்று மட்டும் எழுதினேன். அது உண்மையில் இரண்டு ஏக்கர் ஐந்து சென்ட். 45 சென்ட் கூடிவிட்டது. பாகப்பிரிவினைக்கு வரைவு எழுதும் நேரத்தில் கூட்டல் இடித்தது. எந்த வரியில் தவறு என்று தேடிப் பார்த்தால், என் நோட்டில் மாற்றிய எண்கள் மட்டுமே இருந்தன; பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்பதற்குத் தடயமே இல்லை. போனில் இருந்த படத்தையும் அழித்துவிட்டேன். இரண்டு சாவிக்காரர்களையும் வரவழைத்துப் பெட்டியை மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து, பத்திரத்தில் உள்ள எழுத்தை அப்படியே ஒரு கட்டத்தில் வைத்துவிட்டுத்தான் பக்கத்துக் கட்டத்தில் கணக்குப் போடுகிறேன்.

புள்ளி என்ன சொல்கிறது?

பழைய பத்திரங்களில் ஏக்கருக்கும் சென்டுக்கும் நடுவே வரும் புள்ளி பல இடங்களில் தசமப் புள்ளியே அல்ல. இடப்பக்கம் ஏக்கர், வலப்பக்கம் சென்ட் என்று பிரித்துக் காட்டும் குறி, அவ்வளவுதான். கிரிக்கெட்டில் 14.3 ஓவர் என்றால் பதினான்கு ஓவர், மூன்று பந்து என்று நாம் படிக்கிறோமே, அதே மாதிரி. ஒரு ஏக்கருக்கு 100 சென்ட் என்பதால், சென்ட் இரண்டு இலக்கமாக இருக்கும்வரை எப்படிப் படித்தாலும் விடை ஒன்றுதான்: 1.43 என்பது 143 சென்ட். சிக்கல் எல்லாம் ஒற்றை இலக்கத்தில்தான். ‘1.7’ என்று எழுதியவர் ஒரு ஏக்கர் ஏழு சென்டை நினைத்து எழுதியிருக்கலாம். ஒரு ஏக்கர் எழுபது சென்டையும் நினைத்திருக்கலாம். இரண்டுக்கும் இடையே 63 சென்ட் வித்தியாசம். ஒரு தோப்பையே வைக்கும் அளவு அது.

ஆகவே புள்ளிக்குப் பிறகு ஒரே ஒரு இலக்கம் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். முதலில் பார்க்க வேண்டியது, அதே வரியிலோ அடுத்த வரியிலோ அந்த அளவு எழுத்தால் எழுதப்பட்டிருக்கிறதா என்பதை. நல்ல பத்திர எழுத்தர்கள் ‘ஏக்கர் 1.7 (ஒரு ஏக்கர் ஏழு செண்டு)’ என்று இரண்டையும் எழுதுவார்கள். எண்ணும் எழுத்தும் முரண்பட்டால், நான் எழுத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு எண்ணைக் குறிப்பில் வைப்பேன். எண்ணில் ஒரு கோடு நழுவலாம், ‘ஏழு’ என்பது ‘எழுபது’ ஆக அத்தனை எளிதில் நழுவாது.

படம் எடுக்கச் சொல்லும்போது

ஊரில் இருப்பவரிடம் படம் கேட்கும்போது ‘பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்’ என்று மட்டும் சொன்னால் முதல் பக்கத்து முத்திரைதான் வரும். நமக்கு வேண்டியது சொத்து விபரம் எழுதிய பக்கம். அந்தப் பக்கம் முழுவதும் தெரிய ஒரு படம், பிறகு விஸ்தீரணம் எழுதிய வரிகளை மட்டும் நெருக்கமாக இன்னொரு படம் கேளுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைத்து எடுத்தால் பூவேலைப்பாடு கண்ணைக் குழப்பும். ஒரு வெள்ளை வேட்டியை மடித்து விரித்து அதன்மேல் வைத்து, வளவில் வெளிச்சம் விழும் நேரத்தில், பிளாஷ் போடாமல் எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொன்னால் எடுத்தபடியே வந்து சேரும். வந்த கோப்பின் பெயரை மாற்றி, ஆவண எண், வருடம், பக்கம் மூன்றையும் வைத்துவிடுங்கள். மூலப்படத்தில் வெட்டுவதோ நிறத்தைக் கூட்டுவதோ வேண்டாம். திருத்திப் பார்க்க ஆசைப்பட்டால் நகல் எடுத்து அதில் செய்யுங்கள்.

ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன். ஒரு பத்திரத்தின் படத்தில் ‘1.7’ என்று மிகத் தெளிவாகத் தெரிந்தது. பெட்டியிலிருந்து எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், அந்தப் ‘புள்ளி’ வழியாக வெயில் வந்தது. பூச்சி அரித்த ஓட்டை. அசலில் எழுதியிருந்தது ‘செண்டு 17’. மடிப்பு விழுந்த இடத்தில் மை உதிர்ந்து உண்மையான புள்ளி காணாமல் போவதும் இதேபோல நடக்கும். எனவே புள்ளி சந்தேகமாக இருந்தால், தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இன்னொரு படம் கேளுங்கள். ஓட்டை என்றால் ஒளிரும், மை என்றால் கறுப்பாகவே இருக்கும்.

மிகப் பழைய பத்திரங்களில் தமிழ் எண்கள் வரும். ௧ என்பது ‘க’ போலவும், ௨ ‘உ’ போலவும், ௭ ‘எ’ போலவும், ௮ ‘அ’ போலவும் இருப்பதால், படத்திலிருந்து எழுத்தெடுக்கும் செயலிகள் அவற்றை எழுத்தாகவே எடுத்துவிடும். விஸ்தீரண வரியை மட்டுமாவது செயலியிடம் விடாமல் கண்ணால் பார்த்து, கையால் தட்டச்சு செய்யுங்கள். சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல்தான். அதற்கு முந்தைய பத்திரங்களில் ராமநாதபுரம் ஜில்லா என்றிருப்பதைப் பார்த்து வேறு ஊர்ச் சொத்தோ என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

எந்த அளவுக்கு மாற்றுவது?

சிலர் எல்லாவற்றையும் நேராகச் சதுர அடிக்கோ ஹெக்டேருக்கோ கொண்டுபோவார்கள். நான் சென்டில் நிறுத்துவேன். ஏக்கரிலிருந்து சென்டுக்குப் போக நூறால் பெருக்கினால் போதும், ஒரு துளியும் சிந்தாது. ஹெக்டேருக்குப் போனால் 0.404686 என்று ஒரு நீள எண்ணால் பெருக்க வேண்டும், ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் சுருக்கி எழுத வேண்டும், கடைசிக் கூட்டலில் அந்தச் சில்லறை எல்லாம் சேர்ந்து நிற்கும். சென்டில் கூட்டி முடித்த பிறகு, தேவைப்பட்டால் மொத்தத்தை மட்டும் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. இதை நினைவில் வைக்க ஒரு வழி உண்டு. அந்தக் காலத்தில் நிலம் அளந்த சங்கிலியின் நீளம் 66 அடி. 66க்கு 66 அடிச் சதுரம் 4,356 சதுர அடி. அது சரியாகப் பத்து சென்ட். மனை அளவுகளைச் சரிபார்க்கும்போது இந்த 66 அடிக்கடி கைகொடுக்கும்.

விரிதாளைத் தயார் செய்தல்

எக்செல் ஆனாலும் கூகுள் ஷீட்ஸ் ஆனாலும் ஏழு பத்திகள் போதும். A-யில் படத்தின் கோப்புப் பெயர், B-யில் சர்வே எண், C-யில் பத்திரத்தில் உள்ளபடி எழுத்து, D-யில் ஏக்கர், E-யில் சென்ட், F-இல் மொத்த சென்ட், G-யில் குறிப்பு.

ஒரு எழுத்தையும் உள்ளிடுவதற்கு முன் B, C இரண்டு பத்திகளையும் தேர்ந்தெடுத்து, அவற்றின் வடிவத்தை Text என்று மாற்றுங்கள். எக்செலில் அது Home பட்டையில் இருக்கிறது, கூகுள் ஷீட்ஸில் Format மெனுவில் Number, அதற்குள் Plain text. இதைச் செய்யாவிட்டால் விரிதாள் நமக்கு உதவுவதாக நினைத்து மூலத்தைக் கெடுத்துவிடும். ‘9/2’ என்ற சர்வே எண் பிப்ரவரி ஒன்பதாம் தேதி ஆகிவிடும். ‘2.10’ என்று தட்டினால் கடைசிச் சுழியத்தைத் தின்றுவிட்டு ‘2.1’ என்று காட்டும். அடுத்த வருடம் அதைத் திறந்து பார்ப்பவர் இரண்டு ஏக்கர் ஒரு சென்ட் என்று படிப்பார். பத்திரத்தில் இல்லாத ஒரு குழப்பத்தை நாமே உண்டாக்கியது ஆகிவிடும்.

C பத்தியில் எதையும் திருத்தக் கூடாது. பத்திரத்தில் ‘செண்டு’ என்றிருந்தால் ‘செண்டு’ என்றே எழுதுங்கள், ‘ஏ.’ என்று சுருக்கியிருந்தால் சுருக்கமாகவே எழுதுங்கள். ‘சுமார்’ என்ற சொல் முன்னால் இருந்தால் அதையும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணாக மாற்றும்போது அந்தச் சொல் உதிர்ந்துவிடும்; ஆனால் அளந்து எழுதிய நிலமா, மதிப்பாக எழுதிய நிலமா என்பதற்கு அந்தப் பத்தியில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். படிக்க முடியாத எழுத்துக்கு [?] என்று போடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

F2 கட்டத்தில் இந்தச் சூத்திரத்தைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=D2*100+E2
```

ஏக்கரையும் சென்டையும் தனித்தனிக் கட்டத்தில் வைப்பதன் பயன் இங்கே தெரியும். ‘1.7’-ஐ D, E இரண்டாகப் பிரித்து உள்ளிடும்போது, அது ஏழா எழுபதா என்று முடிவெடுக்காமல் நகரவே முடியாது.

ஒரு பத்திரம், மூன்று அயிட்டம்

எடுத்துக்காட்டுக்கு ஒரு கிரயப் பத்திரத்தின் சொத்து விபரத்தை வைத்துக்கொள்வோம். சர்வே எண்களை நானாக வைத்திருக்கிறேன். எழுத்து நடை இந்தப் பக்கத்துப் பத்திரங்களில் வருவதுதான்.

முதல் அயிட்டம்: ‘சர்வே 214/3 நெ. புன்செய் ஏக்கர் 1.7’. எழுத்தால் எழுதவில்லை. இரண்டாவது: ‘சர்வே 214/5 நெ. புன்செய் ஏ.0.48-ல் வடபுறம் பாதி செண்டு 24’. மூன்றாவது: ‘சர்வே 9/2 நெ. மனை, கிழமேல் அடி 66, தென்வடல் அடி 82½, ஆக செண்டு 12½’. கடைசியில், ‘ஆக அயிட்டம் 3-க்கு ஏக்கர் 1 செண்டு 43½’.

இரண்டாவது அயிட்டத்தை முதலில் எடுப்போம். அந்த வரியில் இரண்டு அளவுகள் இருக்கின்றன. 48 சென்ட் என்பது அந்த உட்பிரிவின் முழுப் பரப்பு. இந்தப் பத்திரத்தில் கைமாறியது அதில் வடபுறம் 24 சென்ட் மட்டும். புதியவர்கள் முதலில் கண்ணில் படும் எண்ணை எடுத்துவிடுவார்கள். ‘-ல்’ அல்லது ‘இதில்’ என்று வந்தாலே, அதற்கு முன்னால் இருப்பது முழுப் பரப்பு, பின்னால் வருவதுதான் நம் கணக்கு. D-யில் 0, E-யில் 24. முழுப் பரப்பு 48 என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். பட்டாவோடு ஒப்பிடும்போது அது வேண்டியிருக்கும்.

மூன்றாவதில் கவனிக்க வேண்டியது அந்த அரை. செயலி வழியாக எழுத்தெடுத்தால் ‘12½’ என்பது ‘121/2’ என்று வந்து நிற்கும். அதை 121 என்று படித்தால் ஒரு வீட்டுமனை ஒரு ஏக்கருக்கு மேல் போய்விடும். நல்லவேளையாகப் பக்க அளவுகள் இருக்கின்றன. 66-ஐ 82.5-ஆல் பெருக்கினால் 5,445 சதுர அடி. அதை 435.6-ஆல் வகுத்தால் சரியாக 12.5. எழுதியவர் அளந்துதான் எழுதியிருக்கிறார். E-யில் 12.5 என்று போடலாம். C-யில் ‘12½’ அப்படியே இருக்கட்டும்.

இப்போது முதல் அயிட்டம். ஏழா, எழுபதா? எழுபது என்று வைத்தால் மொத்தம் 170, 24, 12.5 சேர்ந்து 206.5 சென்ட். பத்திரமே சொல்லும் மொத்தம் 143.5. வித்தியாசம் 63. ஏழு என்று வைத்தால் 107, 24, 12.5 சேர்ந்து 143.5. பத்திரத்தின் மொத்தத்தோடு அப்படியே பொருந்துகிறது. ஆகவே D-யில் 1, E-யில் 7. குறிப்பில் ‘ஒற்றை இலக்கம்; பத்திர மொத்தத்தோடு ஒத்துப்பார்த்து 7 எனக் கொண்டது’ என்று காரணத்தோடு எழுதிவிடுங்கள். முடிவை மட்டும் எழுதினால் நாளை வேறு ஒருவர் அதே சந்தேகத்தை முதலிலிருந்து தொடங்குவார்.

அந்த 63-ஐ மறுபடி பாருங்கள். ஏழை எழுபது என்று படித்தால் கூடுவது ஏழின் ஒன்பது மடங்கு. ஐந்தை ஐம்பது என்று படித்தால் 45, மூன்றை முப்பது என்று படித்தால் 27. 34-ஐ 43 என்று இடம் மாற்றித் தட்டினாலும் வித்தியாசம் ஒன்பதுதான். எனவே உங்கள் கூட்டலுக்கும் பத்திரத்தின் கூட்டலுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், புள்ளியிலோ இலக்க வரிசையிலோ முதலில் தேடுங்கள். கணக்கு எழுதுபவர்கள் பிசகு பிடிக்க இதே ஒன்பதைப் பயன்படுத்துவது உண்டு. வித்தியாசம் 24 மாதிரி ஓர் அயிட்டத்தின் அளவாகவே இருந்தால், பாதியை முழுதாக எடுத்திருப்பீர்கள் அல்லது ஒரு வரியை விட்டிருப்பீர்கள்.

எல்லாப் பத்திரத்திலும் கூட்டுத்தொகை இருக்காது. இல்லாதபோது அதே நிலத்தின் முந்தைய மூலப்பத்திரத்தையோ வில்லங்கச் சான்றையோ பட்டாவையோதான் பார்க்க வேண்டும். எதிலும் துலங்கவில்லை என்றால் D, E கட்டங்களைக் காலியாக விட்டு, குறிப்பில் ‘107 அல்லது 170’ என்று எழுதுங்கள். காலிக் கட்டத்துக்கும் சூத்திரம் 0 என்று காட்டும்; எனவே அந்த வரியின் F கட்டத்தில் சூத்திரத்தை அழித்துவிட்டு, மொத்தத்துக்குப் பக்கத்தில் ‘ஓர் அயிட்டம் சேரவில்லை’ என்று எழுதிவிடுங்கள்.

பட்டாவோடு ஒப்பிடும்போது

1980களில் நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு கிராமப் பட்டாக்களில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்றுதான் வருகிறது. ‘0 - 43.50’ என்று இருந்தால் அது சுழியம் ஹெக்டேர், 43.50 ஏர். இதை நாற்பத்து மூன்றரை சென்ட் என்று படித்துவிட்டு, ‘அண்ணே, பத்திரத்துல ஒரு ஏக்கர் ஏழு சென்ட், பட்டாவுல பாதிகூட இல்லையே, யாரோ எடுத்துட்டாங்க’ என்று பதறி அழைத்த தம்பிகளை எனக்குத் தெரியும். யாரும் எடுக்கவில்லை. ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.471 சென்ட். 43.50-ஐ 2.471-ஆல் பெருக்கினால் 107.49 சென்ட்.

நம் கணக்கு 107, பட்டா 107.49. இந்த அரை சென்ட் எங்கிருந்து வந்தது? 107 சென்ட் என்பது 43.30 ஏர், பட்டாவில் அது 43.50 என்று முழுமையாக்கி எழுதப்பட்டிருக்கிறது. இந்த அளவுக்கு உள்ள வித்தியாசம் அளவு முறை மாறியதால் வருவது. அதற்காகப் பத்திர வரியை 107.49 என்று மாற்றக் கூடாது. பட்டாவுக்குத் தனி வரி போட்டு, அதன் C-யில் ‘0 - 43.50’ என்று உள்ளபடி எழுதி, F-இல் மட்டும் வேறு சூத்திரம் கொடுங்கள். D-யில் ஹெக்டேர், E-யில் ஏர்:

```
=(D5*100+E5)*2.471
```

பட்டா வரியைப் பத்திர வரிகளின் மொத்தத்தோடு சேர்த்துக் கூட்டிவிடாதீர்கள். ஒரே நிலம் இரண்டு முறை ஏறிவிடும். மொத்தத்துக்கான சூத்திரம் பத்திர வரிகளோடு நிற்க வேண்டும்:

```
=SUM(F2:F4)
```

வித்தியாசம் ஒன்றிரண்டு சென்டைத் தாண்டிப் போனால் அது முழுமையாக்கலால் வந்தது என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். உட்பிரிவு பிரிந்திருக்கலாம், வழிக்கு ஒரு பகுதி போயிருக்கலாம். அங்கே விரிதாளின் வேலை முடிகிறது. புல வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு சர்வேயரிடம் போக வேண்டும். நிலம் யாருக்கு எவ்வளவு என்பதை இந்தக் கணக்கு தீர்மானிக்காது, பத்திரம் என்ன சொல்கிறது என்பதை மட்டும்தான் காட்டும்.

குழி வந்தால்

சில பத்திரங்களில் ஏக்கரே இல்லாமல் ‘குழி’ என்று வரும். தஞ்சாவூர்ப் பக்கம் 144 சதுர அடியைக் குழி என்பார்கள். குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால், அந்த எண்ணைக் கொண்டுவந்து காரைக்குடி, தேவகோட்டை நிலத்தின்மேல் போடக் கூடாது. அந்தப் பத்திரத்திலேயே ‘குழி இத்தனைக்கு செண்டு இத்தனை’ என்று இருந்தால் அதைக் கொண்டு மாற்றுங்கள். இல்லாவிட்டால் C-யில் குழிக்கணக்கை உள்ளபடி எழுதி, F-ஐக் காலியாக விட்டு, எந்த ஊர் நிலம் என்பதை G-யில் எழுதிவையுங்கள். அதே ஊரில் பக்கத்து நிலத்தின் பத்திரம் ஒன்று கைக்கு வந்து, அதில் குழியும் சென்டும் சேர்ந்து இருந்தால், அன்றைக்கு அந்தக் கட்டத்தை நிரப்பிக்கொள்ளலாம்.